டாஸ்க் வேலை: இன்னும் பணம் கட்டச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

வணக்கம். வீடியோக்களுக்கு லைக் போட்டால் தினமும் சம்பளம் என்று என் தங்கைக்கு வாட்ஸப்பில் ஒரு மெசேஜ் வந்தது. முதல் மூன்று டாஸ்குக்குச் சின்னத் தொகை உண்மையாகவே கணக்குக்கு வந்தது. அது தூண்டில் புழு என்றேன், கேட்கவில்லை.

அப்புறம் டெலிகிராம் குழுவில் சேர்த்து 'ப்ரீபெய்ட் டாஸ்க்' கொடுத்தார்கள். 1,000 கட்டினாள், 1,300 திரும்பி வந்தது. அடுத்து 5,000 கட்டினாள். இப்போது அவர்களுடைய தளத்தில் 6,500 இருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் எடுக்க முடியவில்லை. "இது மூன்று டாஸ்க் சேர்ந்தது, இன்னும் 15,000 கட்டினால்தான் மொத்தமும் வரும்" என்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது, ஒவ்வொரு முறையும் பணம் போடச் சொல்லும் கணக்கு வேறு வேறு ஆளின் பெயரில் இருக்கிறது. சம்பளம் தருகிற இடம் எதற்கு நம்மிடம் பணம் கேட்க வேண்டும்? குழுவில் "எனக்கு வந்துவிட்டது" என்று ஸ்கிரீன்ஷாட் போடுபவர்களும் அவர்கள் ஆட்கள்தான் போலிருக்கிறது.

15,000 கட்டினால் அடுத்து வரி, அபராதம் என்று கேட்பார்களா? இதில் மாட்டியவர்கள் அவளுக்குப் புரியும்படி நடந்ததைச் சொல்லுங்கள். வங்கியில் உடனே புகார் கொடுத்து 5,000-ஐ மீட்டவர்கள் யாராவது உண்டா? மெசேஜ்கள், பணம் அனுப்பிய ரசீதுகள் எதையும் அழிக்கவில்லை.