ஆளுமைத் தேர்வு எழுதச் சொல்லியிருக்கிறார்கள், எழுதியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

சரண்யா: வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் டீம் லீடர் வேலை. முதல் நேர்காணல் முடிந்தது. வெள்ளிக்கிழமைக்குள் OPQ32 என்ற ஆளுமைத் தேர்வை எழுதச் சொல்லி ஹெச்ஆர் லிங்க் அனுப்பியிருக்கிறார். எதைப் படித்துவிட்டு உட்கார வேண்டும்?

முருகேசன்: நேரம்தான் பெரிய பிரச்சினை, தங்கச்சி. எனக்கு விற்பனை அட்டவணை ஒன்றைக் கொடுத்து சதவீதம் கேட்டார்கள். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. வெள்ளைத் தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும்.

பிரவீன்: அது கணக்குத் தேர்வு, அண்ணா. இதில் மும்மூன்று வாக்கியங்களாக வரும், படிக்க ஒன்றுமில்லை. டீம் லீடர் வேலை என்பதால், தலைமை தாங்குவது பற்றி வரும் இடத்திலெல்லாம் அதையே தொடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், வேலை கிடைத்தது.

ஹேமா: ஒன்பது வருடமாக ஆளெடுக்கும் வேலையில் இருக்கிறேன். மும்மூன்றாக வரும் என்று பிரவீன் சொன்னது சரி. இப்போது பரவலாக இருக்கும் வடிவத்தில் 104 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் உங்களுக்கு மிகவும் பொருந்துவது எது, குறைவாகப் பொருந்துவது எது என்று குறிக்க வேண்டும். நேரக் கெடு கிடையாது, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கஷ்டம் எங்கே என்றால், ‘சொன்ன தேதிக்குள் முடிப்பேன்’, ‘பிறர் கவலையைக் காதுகொடுத்துக் கேட்பேன்’, ‘குழுவை நான் வழிநடத்துவேன்’ என்று மூன்றுமே நல்லதாக இருக்கும். ஒன்றை மேலே வைத்தால் மற்றவை தானாகக் கீழே இறங்கும். எப்போதும் தலைமையையே தொட்டால், கேட்கும் குணமும் கலந்து பேசும் குணமும் அறிக்கையில் தரையில் கிடக்கும்.

ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. அறிக்கையில் அதிகாரம் உச்சத்தில், கலந்தாலோசிப்பது அடியில். அதனால் நேர்காணலில், ‘குழுவின் பேச்சைக் கேட்டு முடிவை மாற்றிய சம்பவம் சொல்லுங்கள்’ என்று கேட்டேன். தடுமாறிவிட்டார். பழைய மேலாளரிடம் விசாரித்தபோது, ரொம்பப் பொறுமையான மனுஷன் என்றார். அதற்குள் வேறொருவரை எடுத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பிரவீன்: என்னிடம் அப்படி யாரும் கேட்கவில்லையே, அக்கா?

ஹேமா: சில இடங்களில் அறிக்கையைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள், தம்பி. எந்த இடம் எப்படி என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

சரண்யா: வீட்டில் நான் அமைதி, அலுவலகத்தில் நிறையப் பேசுவேன். எதை வைத்துப் பதில் சொல்ல, அக்கா?

ஹேமா: அலுவலகத்தில் இருக்கும் சரண்யாவை. போன மாதம் உண்மையில் என்ன செய்தீர்கள் என்று யோசித்துக் குறியுங்கள். பிறகு அந்த அறிக்கையைப் பற்றி விளக்கம் கேளுங்கள். சிலர் தருவார்கள்.

சரண்யா: மெயிலை மறுபடி பார்த்தேன். கீழே இரண்டாவது லிங்க் ஒன்று இருக்கிறது, எண் திறன், நேரக் கெடுவோடு! முருகேசன் அண்ணா, கால்குலேட்டர் வைத்துக்கொள்ள விட்டார்களா?