n-இன் n-ஆம் மூலம்: "அருகில் இருக்கிறது" என்பது நிரூபணமா?

செந்தூல் குமரன்: "2.718-க்கு மிக அருகில் உள்ள முழு எண் 3, ஆகவே n-இன் n-ஆம் மூலம் 3-இல்தான் மிகப் பெரிது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அருகில் இருப்பது எப்போதிலிருந்து நிரூபணம் ஆனது?

பிரிக்பீல்ட்ஸ் ரவி: எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். x^(1/x) வளைவரை e வரை, அதாவது அந்த 2.718 வரை ஏறி, அதன்பின் இறங்குகிறது. போட்டி 2-க்கும் 3-க்கும்தான். 3 அருகில் இருக்கிறது.

பிறை ஆசிரியர்: உச்சியின் இருபுறமும் சரிவு ஒரே மாதிரி இல்லாதபோது, அருகில் இருப்பது உயரத்தைச் சொல்லாது. அடுத்தடுத்த இரண்டை ஒப்பிடுங்கள். இரண்டையும் n(n+1) அடுக்குக்கு உயர்த்தினால், n^(n+1) பெரிதா, (n+1)^n பெரிதா என்பதே கேள்வியாக மிஞ்சும். n = 1 என்றால் 1-உம் 2-உம்; n = 2 என்றால் 8-உம் 9-உம்; அதுவரை ஏற்றம். n = 3 என்றால் 81-உம் 64-உம்; இறக்கம் தொடங்கிவிட்டது. பொதுவாக, n^n-ஆல் வகுத்தால், n என்பது (1+1/n)^n-ஐ விடப் பெரிதா என்று பார்த்தால் போதும். அது எப்போதும் 3-க்குக் கீழே என்றால், 3 முதல் இறக்கம்தான்.

பிரிக்பீல்ட்ஸ் ரவி: அதன் எல்லை e, அதாவது 2.718. சுற்றிவளைத்து என்னிடமே வந்துவிட்டீர்கள், ஐயா.

பிறை ஆசிரியர்: வரவில்லை. எல்லை 2.718 என்பதால் ஒவ்வோர் உறுப்பும் 3-க்குக் கீழ் என்றாகாது. (1+1/n)^(n+1)-க்கும் அதே எல்லைதான். ஆனால் அது 4, 3.375 என்று மேலிருந்து இறங்கி வருகிறது. எனவே ஈருறுப்புத் தேற்றத்தால் விரித்துப் பாருங்கள்: முதல் இரண்டு உறுப்புகள் 1, 1, அடுத்தவை முறையே 1/2, 1/4, 1/8 ஆகியவற்றைத் தாண்டுவதில்லை. கூட்டுத்தொகை 3-ஐத் தொடவே தொடாது.

ஜார்ஜ்டவுன் மீனா: என் மகளின் கால்குலேட்டரில் 2-க்கும் 4-க்கும் 1.4142 என்றே வருகிறது. புதிது வாங்க வேண்டுமா, சார்?

பிறை ஆசிரியர்: வேண்டாம் அம்மா, 4-இன் நான்காம் மூலம் √2-தான்.

பிரிக்பீல்ட்ஸ் ரவி: மீனா அக்காவுக்கு நன்றி! e-க்குப் பின் இறக்கம் என்பதால் 3-இன் மதிப்பு 4-இன் மதிப்பைவிடப் பெரிது; 4-உம் 2-உம் சமம்; ஆகவே 2-உம் தோற்றது. என் நிரூபணம் முழுமையாகிவிட்டது.

பிறை ஆசிரியர்: இது சரியான வாதம். ஆனால் இதில் "அருகில்" என்ற சொல் எங்கே இருக்கிறது?

பிரிக்பீல்ட்ஸ் ரவி: உள்ளுக்குள் இருக்கிறது.

செந்தூல் குமரன்: 0.999… விவாதத்திலும் அண்ணனுக்கு எல்லாம் உள்ளுக்குள்ளேதான் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ரவி: அந்தப் பழைய கணக்கை இங்கே தீர்க்காதே, தம்பி. 3 அருகில் இருக்கிறதா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்.

பிறை ஆசிரியர்: இருக்கிறது. அதனால் என்ன என்றுதான் முதலிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.