முதிர்வு வரை வைத்திருந்தால் நட்டமே இல்லையா?

கலா, பட்டர்வொர்த்:
வங்கி வழியாக வாங்கிய அரசாங்கப் பத்திரம் என்னிடம் இருக்கிறது. கணக்குக்கு 10,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூப்பன், அதாவது ஆண்டு வட்டி, 3 விழுக்காடு, முதிர்வுக்கு இன்னும் 5 ஆண்டு பாக்கி. இப்போது அதே காலத்துப் பத்திரங்கள் 4 விழுக்காடு தருகின்றன. என்னுடையதன் விலை 9,551 என்று காட்டுகிறது. கூப்பன் தவறாமல் வருகிறது. அப்படியானால் 449 ரிங்கிட் எங்கே போனது?

முரளி, செந்தூல்:
எங்கும் போகவில்லை அக்கா. அது காகிதத்தில் தெரியும் நட்டம்தான். 5 ஆண்டு முடியும்போது அரசாங்கம் முழு 10,000-ஐக் கொடுத்துவிடும். விற்றால்தான் நட்டம். பேசாமல் வைத்திருங்கள்.

சிவா, பாயான் லெப்பாஸ்:
10,000 கிடைக்கும் என்பது சரி. நட்டமே இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

உங்கள் பத்திரம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை 150 ரிங்கிட் தருகிறது. இன்று 10,000 போட்டுப் புதிதாக வாங்குபவருக்கு 200 கிடைக்கிறது. ஆக, ஒவ்வொரு தவணையிலும் உங்களுக்கு 50 குறைவு, மொத்தம் பத்துத் தவணை. கூட்டினால் 500. ஆனால் அந்தப் பணம் பிற்காலத்தில் வர வேண்டியது. ஆறு மாதத்துக்கு 2 விழுக்காடு என்று கழித்துப் பார்த்தால் அதன் இன்றைய மதிப்பு 449. சந்தை கழித்ததும் அதே தொகைதான். உங்களிடமிருந்து 9,551-க்கு வாங்குபவருக்கு முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் ஆண்டு வருமானம், அதாவது ஈட்டம், 4 விழுக்காடு வரும். அதற்கு மேல் கொடுத்து வாங்க அவருக்குக் காரணம் இல்லை.

நீங்கள் விற்காமல் வைத்திருந்தால் அதே இழப்பு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, அவ்வளவுதான்.

முரளி, செந்தூல்:
அப்படியென்றால் விற்றுவிட்டு 4 விழுக்காட்டுப் பத்திரத்துக்கு மாறச் சொல்கிறீர்களா?

சிவா, பாயான் லெப்பாஸ்:
இல்லை தம்பி. மாறினாலும் பலன் ஒன்றுதான். 9,551-ஐ 4 விழுக்காட்டில் போட்டால் தவணைக்கு 191 வரும், அதாவது 41 கூடுதல். அந்த 41-ஐ அதே வட்டியில் மறுபடி போட்டுக்கொண்டே வந்தால் 5 ஆண்டில் 449 சேரும். பழைய பத்திரத்தை வைத்திருந்தாலும் அதே இடத்தில்தான் நிற்பீர்கள். இடையில் வட்டி இறங்கிவிட்டால் அந்த 41-க்கு அவ்வளவு கிடைக்காது. அந்தக் கணக்கு மாறும். வாங்கும் விற்கும் விலை வித்தியாசத்தையும் சேர்த்தால், சும்மா மாறுவது வீண் செலவு.

ராஜம், ஜெலுத்தோங்:
என்னிடம் இருப்பது பாண்டு ஃபண்ட். 2022-ல் இறங்கியபோது ஏஜென்ட்டும் "முதிர்வு வரை பொறுங்கள்" என்றுதான் சொன்னார். எந்தத் தேதி என்று கேட்டேன், பதில் வரவில்லை.

சிவா, பாயான் லெப்பாஸ்:
அம்மா, ஃபண்டுக்கு முதிர்வுத் தேதி கிடையாது. உள்ளே இருக்கும் பத்திரங்களில் ஒன்று முதிர்ந்தால் இன்னொன்றை வாங்குவார்கள். ஆனால் புதிதாக வாங்குவது கூடுதல் வட்டியில் என்பதால் விழுந்தது மெல்ல ஈடாகும். வட்டி இன்னும் ஏறாமல் இருந்தால், ஃபண்டின் அறிக்கையில் 'டியூரேஷன்' என்று போட்டிருக்கும் ஆண்டுக் கணக்கு அளவுக்குப் பொறுக்க வேண்டிவரும். உங்கள் ஏஜென்ட்டிடம் அந்த எண்ணைக் கேளுங்கள்.

குணா, பிரிக்ஃபீல்ட்ஸ்:
இவ்வளவு கணக்கு எதற்கு? பேங்க் நெகாரா தன் அடிப்படை வட்டி விகிதமான ஓ.பி.ஆரை ஏற்றினால் பத்திர விலை இறங்கும். கூட்டத் தேதிக்கு முன்னால் விற்றால் போதும்.

சிவா, பாயான் லெப்பாஸ்:
2021-ஐப் பாருங்கள். ஆண்டு முழுக்க ஓ.பி.ஆர் 1.75-ஐ விட்டு அசையவில்லை. ஆனாலும் 10 ஆண்டு அரசாங்கப் பத்திரமான எம்.ஜி.எஸ்-இன் ஈட்டம் கிட்டத்தட்ட ஒரு விழுக்காட்டுப் புள்ளி ஏறியது, விலையும் அப்போதே இறங்கிவிட்டது. முதல் ஏற்றம் வந்தது 2022 மே மாதம். சந்தை எதிர்பார்ப்பதை முன்கூட்டியே விலையில் வைத்துவிடுகிறது.

குணா, பிரிக்ஃபீல்ட்ஸ்:
நீண்ட காலப் பத்திரத்துக்கு அது சரி. ஓராண்டு, ஈராண்டுப் பத்திரங்கள் ஓ.பி.ஆரைத்தான் பின்தொடர்கின்றன.

சிவா, பாயான் லெப்பாஸ்:
பெரும்பாலும் ஆமாம். ஆனால் ஈட்டம் அதேபோல 3-லிருந்து 4-க்கு ஏறினாலும், 3 விழுக்காட்டுக் கூப்பன் தரும் 10,000 ரிங்கிட் 2 ஆண்டுப் பத்திரம் 9,810-க்குத்தான் இறங்கும். 10 ஆண்டு என்றால் 9,182. உங்கள் உத்தி எதிலிருந்து காப்பாற்றப் பார்க்கிறதோ, அங்கே விழுவதே குறைவு.

கலா, பட்டர்வொர்த்:
முக்கியமான ஒன்றைச் சொல்லவில்லை. மகளின் காலேஜ் கட்டணத்துக்கு இரண்டு ஆண்டில் இந்தப் பணம் வேண்டும்.

சிவா, பாயான் லெப்பாஸ்:
அப்போது முதிர்வு வரை என்ற பேச்சே உங்களுக்குப் பொருந்தாது. மூன்று ஆண்டு பாக்கியிருக்கும்போது விற்க வேண்டிவரும். சந்தை ஈட்டம் 4-லேயே இருந்தால் 9,720 கிடைக்கும். 5-க்கு ஏறினால் 9,449. 3-க்கு இறங்கினால் முழு 10,000. கட்டணத்துக்கு எது போதும் என்பதை இன்றே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போதாது என்றால் இப்போதே ஈராண்டுப் பத்திரத்துக்கு மாறுவதில் அர்த்தம் இருக்கிறது.

முரளி, செந்தூல்:
அக்காவுக்கு அது சரி. பணம் தேவையில்லாதவருக்கு நான் சொன்னது இன்னும் நிற்கிறது. கையை விட்டு ஒரு சென்னும் போகாதபோது அதை நட்டம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.