டெஸ்டிங் முடிந்ததா? 180 ஓட்டி 174 பாஸ் (டிசம்பர் 2023)

பொங்கோல்_குமரன்: ஜனவரி 1 அன்று சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 8 சதவீதத்திலிருந்து 9 ஆகிறது. எங்கள் பில்லிங் மென்பொருளுக்கு 200 டெஸ்ட் கேஸ் திட்டமிட்டோம். 180 ஓட்டியதில் 174 பாஸ். டெஸ்டிங்கை முடிக்க எக்ஸிட் வரம்பு 95 சதவீதம் பாஸ், மிகக் கடுமையான சிவியாரிட்டி 1 பிழை இருக்கக்கூடாது. மேனேஜர் முடிந்தது என்கிறார். முடிந்ததா?

உட்லண்ட்ஸ்_வாணி: 174-ஐ 180-ஆல் வகுத்தால் 96.7, 200-ஆல் வகுத்தால் 87. வரம்பு எந்தக் கணக்கு என்று திட்டத்தில் இருக்கிறதா? ஓட்டாத 20 எவை?

பொங்கோல்_குமரன்: எழுதவில்லை அக்கா. இருபதும் கிரெடிட் நோட்டும், ஆண்டு மாறும்போது தொங்கும் இன்வாய்ஸும்தான். டெஸ்ட் சர்வரை இன்னொரு டீமும் பயன்படுத்துவதால் தேதியை ஜனவரிக்கு நகர்த்த விடவில்லை.

உட்லண்ட்ஸ்_வாணி: அப்படியானால் விகிதத்தை 9 என்று மாற்றிக் கூட்டிப் பார்த்த சுலபமான பாதிதான் ஓடியிருக்கிறது. டிசம்பரில் 1,000 வெள்ளிப் பொருளுக்கு 8 சதவீதத்தில் இன்வாய்ஸ் போடுகிறீர்கள். பணமும் டெலிவரியும் ஜனவரியில் என்றால் 9 சதவீதம் வாங்க வேண்டும். முழுப் பணமும் டிசம்பரிலேயே வந்துவிட்டால் 8 போதும். டிசம்பரில் விற்ற பொருள் ஜனவரியில் திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டில் வரி 80 வெள்ளி. மென்பொருள் அன்றைய விகிதத்தை எடுத்தால் 90 போடும். அந்தத் தப்பு இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கு இன்று தெரியாது. சர்வர் தேதியை நகர்த்த முடியும் என்பதை என்ட்ரி நிபந்தனையிலேயே வைத்து, அது கிடைக்கும்வரை தொடங்காமல் இருந்திருக்க வேண்டும்.

ஜூரோங்_சேகர்: தேதி அரசாங்கம் வைத்தது, நம் கையில் இல்லை. வரம்பு எட்டினாலும் எட்டாவிட்டாலும் 1-ஆம் தேதி வெளியிட்டே ஆகணும். அப்புறம் எக்ஸிட் நிபந்தனை எதுக்கு?

உட்லண்ட்ஸ்_வாணி: வெளியிடுங்கள் தம்பி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அறிக்கையில் "முடிந்தது" என்று எழுதாதீர்கள். எந்த 20 ஓடவில்லை, அதுவரை கிரெடிட் நோட்டை யார் கையால் சரிபார்ப்பார் என்று எழுதி, வியாபாரப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். ரிஸ்க்கை ஏற்பது டெஸ்டர் வேலை இல்லை.

பிடோக்_ராணி: எங்கள் இடத்தில் வாடிக்கையாளர் சோதித்துப் பார்க்கும் யூஏடி முடிவதற்கு முந்தைய நாள் சிவியாரிட்டி 1 பிழைகளை 2 ஆக இறக்கி வரம்பைத் தொட்டார்கள். வாடிக்கையாளரும் சைன் பண்ணிவிட்டார். அது சரிதானே?

உட்லண்ட்ஸ்_வாணி: ஏன் இறக்கினார்கள் என்று பிழைப் பதிவில் காரணம் இருந்ததா ராணி? மாற்று வழி கண்டுபிடித்து இறக்கினால் சரி. கடைசி நாளில் காரணமே இல்லாமல் மொத்தமாக இறங்கினால், மாறியது பிழை இல்லை, எண்ணிக்கைதான்.

பொங்கோல்_குமரன்: தனி சர்வர் கிடைத்தது. தேதியை ஜனவரி 3 ஆக்கி முதல் ஐந்தை ஓட்டினேன். இரண்டு ஃபெயில், இரண்டிலும் கிரெடிட் நோட் 9 சதவீதம் எடுக்கிறது.

ஜூரோங்_சேகர்: அப்போ கிரெடிட் நோட் பட்டனை மட்டும் ஒரு வாரம் பூட்டிவிட்டு வெளியிடலாமே.

உட்லண்ட்ஸ்_வாணி: பொருளைத் திருப்பிக் கொடுக்க வருபவரை ஒரு வாரம் காக்க வைக்க முடியுமா என்று கடைக்காரர் சொல்லட்டும். மிச்சம் 15-ஐ முதலில் ஓட்டுங்கள் குமரன்.