சார்ட்டில் விலை லிக்விடேஷன் அளவைத் தொடவே இல்லை, ஆனாலும் லாங் பொசிஷன் போய்விட்டது. எப்படி?

வேங்கை_டிரேடர்:
பிட்காயின் பெர்பெச்சுவலில் 60,000-க்கு 0.1 காயின் லாங் எடுத்திருந்தேன். 10 மடங்கு லெவரேஜ், ஐசொலேட்டட், மார்ஜின் 600 யுஎஸ்டிடி. லிக்விடேஷன் விலை 54,271 என்று காட்டியது. ராத்திரி நடந்த வீழ்ச்சியில் சார்ட்டில் பதிவான அடி விலை 54,300. அங்கிருந்து உடனே திரும்பி ஏறிவிட்டது. ஆனால் என் பொசிஷனைக் காணோம், ஹிஸ்டரியில் லிக்விடேஷன் என்று இருக்கிறது. தொடாத விலைக்கு எப்படி அடிப்பார்கள்?

கடலோடி:
லிக்விடேஷனைப் பார்ப்பது மார்க் பிரைஸை வைத்து, சார்ட்டில் ஓடும் லாஸ்ட் பிரைஸை வைத்து இல்லை. ஆனால் மார்க் பிரைஸ் என்பதே திடீர் விக்கில் நம்மைக் காப்பாற்றத்தான். லாஸ்டே தொடாதபோது மார்க் தொட வாய்ப்பில்லை. சப்போர்ட்டில் புகார் கொடுங்கள், பணம் திரும்பக் கிடைக்கும்.

நெய்தல்:
கடலோடி சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதி தவறு. மார்க் எப்போதும் லாஸ்டுக்கு மேலேயே இருக்கும் என்று எந்த விதியும் கிடையாது. பல ஸ்பாட் சந்தைகளின் விலையைச் சேர்த்து இண்டெக்ஸ் போடுகிறார்கள். அதோடு பெர்ப்புக்கும் இண்டெக்ஸுக்கும் உள்ள இடைவெளியின் சராசரியைச் சேர்த்தால் கிட்டத்தட்ட மார்க் வந்துவிடும் (எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் சூத்திரம் கொஞ்சம் மாறும்). வீழ்ச்சியின் அடியில் பெர்ப்பில் மட்டும் ஆட்கள் பாய்ந்து வாங்கினால், லாஸ்ட் 54,300-இல் நிற்கும். ஸ்பாட் அதற்கும் கீழே போய்க்கொண்டிருக்கும். மார்க் ஸ்பாட்டின் பின்னால்தான் போகும். சார்ட்டின் மேலே விலை வகையை மாற்றும் இடத்தில் மார்க் பிரைஸைத் தேர்ந்தெடுத்து, லிக்விடேஷன் நடந்த நிமிடத்தின் கேண்டிலைப் பாருங்கள். ஹிஸ்டரியில் நேரம் யுடிசியில் இருக்கலாம், அதைக் கவனியுங்கள்.

வேங்கை_டிரேடர்:
பார்த்துவிட்டேன். அந்த நிமிடத்தில் மார்க் அடி 54,262. அதாவது லாஸ்டை விட 38 கீழே. வெறும் 38-க்காகவா?

நெய்தல்:
ஆமாம், உங்கள் விளிம்பு அவ்வளவு மெல்லியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்க் 54,262 என்றால் நஷ்டம் 573.80. மார்ஜினில் மீதி 26.20. மெயின்டனன்ஸ் மார்ஜின் 0.5% என்று வைத்தால் தேவைப்படுவது 27.13. மீதி அதற்குக் கீழே போன நொடியே இன்ஜின் பொசிஷனை எடுத்துக்கொள்ளும். இதே கணக்கை லாஸ்ட் 54,300-ஐ வைத்துப் போட்டால் மீதி 30, தேவை 27.15. தப்பித்திருப்பீர்கள். உங்கள் கண் லாஸ்டைப் பார்த்தது, இன்ஜின் மார்க்கைப் பார்த்தது.

செம்பருத்தி:
எனக்கு நேர் எதிராக நடந்தது. ஒரே ஒரு விக், லாஸ்ட் சரேலென்று கீழே போய்த் திரும்பியது. மார்க் அசையவே இல்லை. ஆனால் என் ஸ்டாப் லாஸ் அடித்துவிட்டது. மார்க்தான் கணக்கு என்றால் ஸ்டாப் ஏன் அடித்தது?

நெய்தல்:
ஸ்டாப்புக்கு டிரிகர் எது என்று ஆர்டர் போடும்போதே கேட்பார்கள். நீங்கள் மாற்றாவிட்டால் பெரும்பாலும் லாஸ்ட்தான் இருக்கும். லிக்விடேஷனில் அந்தத் தேர்வே கிடையாது, எப்போதும் மார்க்.

வேங்கை_டிரேடர்:
அப்படியானால் நான் 54,290-இல் வைத்திருந்த ஸ்டாப்பும் இதனால்தான் வேலை செய்யவில்லையா? டிரிகர் லாஸ்ட்.

நெய்தல்:
அதேதான். லாஸ்ட் 54,300-க்குக் கீழே வரவே இல்லை, ஸ்டாப் தூங்கியது. டிரிகரை மார்க்குக்கு மாற்றியிருந்தாலும் 54,290-க்கும் 54,271-க்கும் நடுவே இருப்பது 19தான். விழும் வேகத்தில் ஸ்டாப் முந்துமா, இன்ஜின் முந்துமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. மார்க் டிரிகரில் வையுங்கள், ஆனால் லிக்விடேஷனிலிருந்து பல நூறு தள்ளி, 55,000 பக்கம் வையுங்கள். இன்னொன்று: மார்க்கில் டிரிகர் ஆனாலும் விற்பது ஆர்டர் புக்கில் அப்போது இருக்கும் விலைக்குத்தான். மார்க் விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள்.

கடலோடி:
இண்டெக்ஸில் உள்ள ஒரு ஸ்பாட் சந்தையில் மட்டும் விலை சறுக்கியிருந்தால்? அப்போது புகார் செல்லுமல்லவா?

நெய்தல்:
அது நியாயமான கேள்வி. விலகி ஓடும் சந்தையின் எடையைக் குறைக்கப் பல எக்ஸ்சேஞ்சுகள் வழி வைத்திருக்கின்றன. வேங்கை, அந்த நிமிடத்தில் இண்டெக்ஸ் சார்ட்டையும் பாருங்கள். மற்ற பெரிய ஸ்பாட் சந்தைகளும் 54,260 பக்கம் போயிருந்தால் புகாருக்கு இடமில்லை.

வேங்கை_டிரேடர்:
இண்டெக்ஸ் அடி 54,251. இரண்டு ஸ்பாட் சந்தைகளில் அதற்கும் கீழே போயிருக்கிறது, ஒன்றில் மட்டும் 54,310-இல் நின்றிருக்கிறது. சரி, அந்த மீதி 26 யுஎஸ்டிடி எங்கே? கணக்கில் பைசா இல்லை.

செம்பருத்தி:
எனக்குத் தெரிந்த எக்ஸ்சேஞ்சில் லிக்விடேஷன் கட்டணம் போக மிச்சம் இன்ஷூரன்ஸ் ஃபண்டுக்குப் போகும். உங்களுடையதில் எப்படி என்று விதிமுறைப் பக்கத்தில்தான் பார்க்கவேண்டும்.