[கலைச்சொல்] பெரிய இணைப்புகளை என்ன செய்ய?

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். நாம் தமிழாக்கும் செய்திச் செயலியில் ஒரு சரம் மட்டும் மிச்சம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

```
review_large = "Review large attachments"
```

இதை அழுத்தினால், பல ஆண்டுகளாக உரையாடல்களில் வந்து சேர்ந்த படம், காணொளி, பிடிஎஃப் எல்லாம் பெரியது முதலில் என்ற வரிசையில் வரும். வேண்டாததைத் தொட்டு நீக்கலாம். பழைய மொழிபெயர்ப்பில் 'பெரிய இணைப்புகளை மீளாய்வு செய்' என்று இருக்கிறது. என் அம்மாவிடம் காட்டினேன். "நெட் கனெக்‌ஷனைச் சரிபார்க்கச் சொல்லுதா?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அம்மா கேட்டது நியாயம். இணைய இணைப்பும் இணைப்பு, தொடுப்பும் இணைப்பு, மடலோடு வருவதும் இணைப்பு. ஒரே செயலிக்குள் மூன்றும் வருகின்றன. 'இணைகோப்பு' என்று வைப்போம். மீளாய்வு இங்கே எல்லாருக்கும் விளங்கும், அது இருக்கட்டும்.

மதுரையிலிருந்து:

இணைகோப்பு வினைத்தொகை என்றால் வல்லினம் மிகாது, சுடுசோறு போல. அதில் பிழை இல்லை. ஆனால் இணைகோடு, இணை இயக்குநர் என்று பழகிய காதுக்கு அது பக்கத்தில் ஓடும் இன்னொரு கோப்பு என்றுதான் படும். மடலுக்குள் வைத்து அனுப்புவதற்கு 'உள்ளுறை' என்ற சொல் இருக்கிறதே.

சிலம்பில் மாதவி கௌசிகன் கையில் கொடுத்தனுப்பும் மண்ணுடை முடங்கலை நினைத்துப் பாருங்கள். கோவலன் படிப்பதற்கு முன்பே, முத்திரை மண்ணில் பதிந்திருந்த அவள் கூந்தல் மணம் அவனை எட்டிவிடுகிறது. எழுத்து ஒன்று, அதோடு வந்த பொருள் வேறொன்று. அதே முடங்கலைத் தன் பெற்றோரிடம் காட்டச் சொல்லித் திருப்பியும் அனுப்புகிறான். செய்தியோடு வருவது செய்தியை விடப் பெரிதாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சென்னையிலிருந்து:

ஐயா, உள்ளுறை என்றால் பாதிப் பேர் உள்ளுறை உவமத்துக்குப் போவார்கள், மீதிப் பேர் தலையணை உறைக்குப் போவார்கள். பொத்தானில் படிக்கக் கிடைப்பது ஒரு நொடி. 'பெரிய கோப்புகளைப் பார்த்து நீக்கு' என்று போட்டுவிடுங்கள்.

சேலத்திலிருந்து:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இந்தப் பொத்தானை அழுத்தினால் பழையது தானாகப் போய்விடுமா? அப்பா இறப்பதற்கு முன் அனுப்பிய குரல்பதிவு ஒன்று என் போனில் இருக்கிறது. 'நீக்கு' என்று எழுதியிருந்தால் நான் தொடவே மாட்டேன்.

கோவையிலிருந்து:

தானாக எதுவும் போகாது. நீங்கள் தேர்ந்தெடுத்து நீக்கினால்தான் போகும்.

அம்மா போனிலேயே செய்து பார்த்தேன். 64 ஜிபி போன், ஆறு வருடச் செய்திகள். முதல் வரியில் ஒரு கல்யாணக் காணொளி, அது மட்டும் 1.1 ஜிபி. அதற்குக் கீழே நாற்பது காணொளிகள், சராசரி 90 எம்பி, அதாவது 3.6 ஜிபி. கல்யாணக் காணொளியைக் கணினிக்கு மாற்றி, அங்கே திறந்து ஓடுகிறதா என்று பார்த்த பிறகே போனில் நீக்கினேன். நாற்பதில் இரண்டை அம்மா வைத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் நாலரை ஜிபி கிடைத்தது. காலை வணக்கப் படங்கள் நாலாயிரம் இருக்கும். ஒன்று 150 கேபி என்றால் எல்லாம் சேர்த்தே 600 எம்பிதான். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பது வீண் வேலை.

உங்கள் அப்பாவின் குரல்பதிவு சில நூறு கேபிதான் இருக்கும். இந்தப் பட்டியலில் அது மேலே வராது. பயப்பட வேண்டியது இன்னொரு அமைப்புக்கு: செய்திகளை எவ்வளவு காலம் வைத்திருக்க என்று கேட்கும் இடம். அங்கே 'ஓராண்டு' என்று தேர்ந்தால் சிறிது பெரிது பார்க்காமல் பழையது எல்லாம் போய்விடும். இப்போதே அந்தப் பதிவை வேறொரு இடத்திலும் சேமித்துவிடுங்கள்.

அதனால் 'நீக்கு' வேண்டாம். இது பார்க்கும் இடம், முடிவு அப்புறம்.

மதுரையிலிருந்து:

அப்படியானால் மீளாய்வும் பொருந்தாது. அம்மா செய்தது கொழித்தல். புடைத்தால் பதர் பறக்கும். கொழித்தால் கல் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம் பிரிந்து நிற்கும். எதை எடுப்பது என்று கை முடிவு செய்யும். 'பெரிய உள்ளுறைகளைக் கொழி.'

யாழ்ப்பாணத்திலிருந்து:

கொழி அழகான சொல், ஐயா. ஆனால் முறம் பார்த்திராத பிள்ளைகளும் இந்தப் பொத்தானை அழுத்துவார்கள்.

கோவையிலிருந்து:

வியாழன் இரவு ஆகிவிட்டது. 'பெரிய கோப்புகளைப் பார்வையிடு' என்பதற்கு நான்கு பேர், இணைகோப்புக்கு இரண்டு பேர், உள்ளுறைக்கு ஒருவர். செய்தியோடு வந்தவை என்ற பொருள் இதில் விடுபடுகிறது, தெரிகிறது. பட்டியலின் மேலே 'உரையாடல்களில் வந்தவை' என்று ஒரு துணைவரி சேர்த்திருக்கிறேன். காலையில் அனுப்புகிறேன்.

மதுரையிலிருந்து:

அனுப்புங்கள். ஆனால் கோப்பு என்பது கோத்து வைத்தது. குரலும் கல்யாணமும் கோப்பாகிவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பதிப்பில் மறுபடி கேட்பேன்.