பீற்றா குளோபினின் வால்: விளக்கம் தேவை

வணக்கம். வெள்ளவத்தையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். தூது ஆர்.என்.ஏ.யின் தொப்பியையும் பொலி-ஏ வாலையும் விளக்க, தலசீமியா நோயாளர்களில் கண்டறியப்பட்ட ஒரு பிறழ்வை எடுத்திருக்கிறேன். பீற்றா குளோபின் மரபணுவின் கடைசியில் AATAAA இருக்க வேண்டிய இடத்தில் AACAAA. புரதத்துக்கான பகுதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனாலும் குளோபின் குறைகிறது.

தொப்பியில் சிக்கல் இல்லை. ஆர்.என்.ஏ. 25, 30 எழுத்து நீளும்போதே மெதைல் குவானோசின் அதன் முன்முனையில் தலைகீழாக ஒட்டிவிடும். பிரச்சினை பின்முனையில். வெட்டும் புரதங்கள் AAUAAA-வைப் பிடித்து, 10 முதல் 30 எழுத்து தள்ளி வெட்டிய பிறகே வால் சேரும். இங்கே பெரும்பாலும் அந்த இடம் தவறி, சுமார் 900 எழுத்து தள்ளியிருக்கும் அடுத்த சமிக்ஞையில்தான் வெட்டு விழுகிறது. அந்த நீண்ட ஆர்.என்.ஏ. நிலைப்பதில்லை. கொஞ்சம் மட்டும் சரியான இடத்தில் வெட்டுப்படுவதால் குளோபின் முற்றாக நிற்காது.

ஒரு மாணவி நல்ல கேள்வி கேட்டாள்: "சேர், நீண்டதுக்கும் தொப்பி, வால் ரெண்டும் இருக்குதானே? eIF4E தொப்பியைப் பிடிக்கும், PABP வாலைப் பிடிக்கும், eIF4G ரெண்டையும் இணைக்கும். அப்ப ஏன் அழியுது?"

இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்: இழப்பு முக்கியமாகக் கலத்தின் கருவுக்குள்ளேயா, வெளியே வந்த பிறகா? மேலதிக 900 எழுத்துகளில் அழிவைத் தூண்டும் பகுதி இருக்கிறதா? இரண்டு நீளங்களும் தெரியும் நோதர்ன் புளொட் படம் இருந்தால் வகுப்பில் காட்டத் தாருங்கள்.